சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு எட்டு முறை கூடியது. அவற்றுள் மூன்று கூட்டங்கள் போதிய வருகையின்றி ஒத்திவைக்கப்பட்டன. விடுமுறைக்காலப் பயிற்சி வகுப்பு வழக்கம்போல் நடந்தது. பழைய கணினிகள் இரண்டு பழுதுபார்க்கப்பட்டன.

நம் சங்கம் பள்ளி நூலகங்களுக்காக எழுதிவரும் இரவல் பதிவேட்டு மென்பொருளின் 2.0 வெளியீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. பள்ளி திறந்த பின் நூலகர் எவரும் பதிவேட்டை மாற்ற இசையமாட்டார் என்பதால் ஜூன் 1ஆம் தேதியை முன்கூட்டியே உறுதிசெய்திருந்தோம். ஆனால் நான் ஏப்ரலில், குறைகளையும் வேலைகளையும் டிக்கெட்டுகளாகப் பதிந்துவைக்கும் டிராக் மென்பொருளின் ரோட்மேப் பக்கத்தைத் திறந்தபோது, 2.0 என்ற மைல்கல்லின் கீழ் 41 டிக்கெட்டுகள் இருந்தன. 23 மூடப்பட்டு, முன்னேற்றப் பட்டை 56 விழுக்காடு காட்டியது. இரண்டு மாதங்களுக்கு முன்பும் ஏறக்குறைய அதே அளவுதான். வேலை நடந்துகொண்டிருக்க, பட்டை மட்டும் ஏன் நகரவில்லை என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை.

காரணம் நிரலில் இல்லை, அமைப்புக் கோப்பில் இருந்தது. `trac.ini` கோப்பில் எப்போதோ ஒருவர் `default_milestone` என்பதற்கு 2.0 என்று எழுதி வைத்திருந்தார். ஆகவே புதிதாக யார் எந்தக் குறையைப் பதிந்தாலும், அது யாருடைய தீர்மானமுமின்றி ஜூன் வெளியீட்டில் போய்ச் சேர்ந்தது. நாம் ஒன்றை முடிக்கும்போது இன்னொன்று தானாக உள்ளே வந்தது. திறந்திருந்த 18 டிக்கெட்டுகளின் மாற்ற வரலாற்றைப் பார்த்ததில், பதினொன்றில் மைல்கல் என்ற புலத்தை எவரும் தொட்டதாகவே தெரியவில்லை. அந்த வரியை வெறுமையாக்கினேன்:

```
[ticket]
default_milestone =
```

இப்போது புதிய டிக்கெட் எந்த வெளியீட்டிலும் சேராமல் நிற்கும். `status!=closed&milestone=` என்ற வினவலில் அத்தகையவை அனைத்தும் வந்துவிடும். அவற்றை எந்தத் தேதிக்கு ஒதுக்குவது என்று வாரம் ஒருமுறை உட்கார்ந்து பிரிக்க வேண்டும். பிரிக்க வருவதாக மூவர் ஒப்புக்கொண்டிருந்தனர். பெரும்பாலான வாரங்களில் நான் ஒருவனே பிரித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

அந்தப் பதினெட்டில் ஜூனில் இல்லாவிட்டால் நூலகர் வேலை நின்றுவிடும் என்னும்படியானவை நான்கே. அவற்றை 2.0இல் வைத்து, ஆறினை 2.1க்கும், எட்டினைத் தேதி குறிக்காத `later` என்ற மைல்கல்லுக்கும் மாற்றினேன். மொத்தம் 27இல் 23 முடிந்ததாகிப் பட்டை 85 விழுக்காட்டுக்குத் தாவியது. ஒரு வரி நிரலும் எழுதாமல் செயலாளர் முன்னேற்றம் காட்டுகிறார் என்று பேசப்பட்டதை அறிவேன். விழுக்காடு தானாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் நான் காட்ட விரும்பியது முன்னேற்றத்தை அல்ல, எது எந்தத் தேதிக்குரியது என்பதை.

அந்தப் பட்டையை நானும் முழுதாக நம்பவில்லை. டிராக் மூடியவற்றை எண்ணுமே தவிர, ஏன் மூடினோம் என்று பார்க்காது. அந்த 23இல் ஏழு, `wontfix` அல்லது `duplicate` என்று மூடப்பட்டவை. மேலும் ஒரு பொத்தானின் பெயரை மாற்றுவதும் ஒன்று, நூற்பெயர்களை அகர வரிசையில் அடுக்குவதும் ஒன்று என்றே கணக்காகும். மீதமிருந்த நான்கில் மிகக் கடினமானது அந்த வரிசைதான்: யூனிகோடு எண்வரிசையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தே வந்துவிடுவதால், குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கினால் பட்டியல் தவறாகவே வரும். அதனை ஏற்ற உறுப்பினர் மே மாதம் முழுவதும் கூட்டத்துக்கும் வரவில்லை, அஞ்சலுக்கும் விடை தரவில்லை.

மே 30 அன்று இரண்டே வழிகள் இருந்தன. தேதியைத் தள்ளுவது, அல்லது அந்த ஒன்றைத் தள்ளுவது. மற்ற மூன்றும் முடிந்திருந்தமையால் இரண்டாவதைத் தேர்ந்தேன். 2.0ஐ நிறைவுற்றதாகக் குறிக்கும்போது, திறந்திருப்பவற்றை எந்த மைல்கல்லுக்கு மாற்றுவது என்று டிராக் கேட்கும், 2.1 என்று கொடுத்து, வெளியீட்டுக் குறிப்பிலும் அக்குறையை எழுதினேன். ஜூன் 1 அன்று மென்பொருள் வெளிவந்தது. நூலகர்கள் சிலர் பட்டியலைக் குறை கூறினர். எப்போது சரியாகும் என்று கேட்டபோது, ரோட்மேப்பில் 2.1இன் தேதியைக் காட்ட முடிந்தது. அத்தேதியையும் ஒருமுறை மாற்ற நேர்ந்ததை மறைக்கவில்லை.

வரவு செலவு ஏறத்தாழ ஈடாக உள்ளது. சேமிப்பில் சிறு தொகை எஞ்சியுள்ளது. உறுப்பினர்களில் பாதிப் பேரின் சந்தா வரவில்லை. சர்வர் வாடகையின் கடைசித் தவணையை நான் கைப்பணத்தில் கட்டியுள்ளேன். பொருளாளர் ரசீதைப் பெற்றுக்கொண்டார்.

இடம் தந்த வாசகசாலை நிர்வாகத்தாருக்கும், தணிக்கை செய்த அன்பருக்கும், தேநீர் வழங்கியவர்களுக்கும் நன்றி.

2.1இல் இன்று ஒன்பது டிக்கெட்டுகள் திறந்துள்ளன. ஐந்தில் பொறுப்பாளர் பெயர் இல்லை, ஒன்றில் சென்ற ஆண்டுப் பெயரே உள்ளது. பொறுப்பாளர் இல்லாதவற்றை அடுத்த செயற்குழுவுக்கு முன் `later`க்கு மாற்றிவிட எண்ணியுள்ளேன். அதற்குள் எவரேனும் தம் பெயரை எழுதினால் தடை சொல்லமாட்டேன். வாராந்தரப் பிரிப்பு ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசகசாலையில் நடக்கிறது. சந்தாவையும் அங்கேயே செலுத்தலாம்.

இங்ஙனம்,
செயலாளர்