தமிழ் எழுத்தை எந்தப் படியில் நிறுத்துவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான எழுத்து முறைகள் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அதனுடன் அச்சிட்டிருந்த படத்தில் மூன்று படிகள் வரையப்பட்டிருந்தன. கீழ்ப்படியில் படவெழுத்து என்று சீனமும், நடுவில் அசையெழுத்து என்று ஜப்பானியமும், உச்சியில் ஒலியெழுத்து என்று ஆங்கிலமும் தமிழும் நின்றன. சீனத்துக்கும் தமிழுக்கும் கொடுத்த இடம் இரண்டுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து. நாற்பதாண்டு தமிழ் எழுத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

படம் ஒரு பொருளைக் காட்டும், பேச்சைக் காட்டாது. ஒரு பசுவின் படத்தைப் பார்ப்பவர் பசு என்றும் சொல்லலாம், மாடு என்றும் சொல்லலாம், ஆ என்றும் சொல்லலாம். எந்தச் சொல் என்று உறுதிப்படும்போதுதான் அது எழுத்தாகிறது. சீன எழுத்து அப்படி உறுதிப்பட்டு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. அம்மாவைக் குறிக்கும் 'மா' என்ற சொல்லுக்கான சீன எழுத்தில் இடப்பக்கம் பெண்ணைக் குறிக்கும் வடிவமும், வலப்பக்கம் குதிரையைக் குறிக்கும் வடிவமும் இருக்கின்றன. அம்மாவுக்கும் குதிரைக்கும் ஓர் உறவும் இல்லை. குதிரைக்கான சொல்லும் வேறொரு தொனியில் 'மா' என்றே ஒலிப்பதால், ஒரு பாதி பொருளையும் மறு பாதி ஒலியையும் சுட்டுகின்றன. சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இப்படிப் பொருளும் ஒலியும் சேர்ந்து அமைந்தவையே. ஆகவே அதைச் சொல்லெழுத்து என்பதே சரி.

மூன்று முறைகளும் எங்கே வேறுபடுகின்றன என்பதை ஒரே மொழியில் பார்ப்பதற்குக் கிரேக்கத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. தென் கிரேக்கத்தில் பைலோஸ் என்ற இடத்தில், ஏறத்தாழ 3200 ஆண்டுகளுக்கு முன் எரிந்துபோன அரண்மனையிலிருந்து களிமண் பலகைகள் கிடைத்தன. அரண்மனையை அழித்த தீயே அவற்றைச் சுட்டுக் காப்பாற்றியும் வைத்தது. 'லீனியர் பி' எனப்படும் அந்த எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்தார். அதே ஆண்டு அகழ்வில் கிடைத்து, அவருடைய முடிவுக்குப் பின்னர் சரிபார்க்க உதவிய ஒரு பலகை, பாத்திரக் கணக்கு. அதில் 'தி-ரி-பொ' என்று மூன்று குறிகள் வருகின்றன. அருகிலேயே முக்காலிப் பானையின் படமும் எண்ணும் இருக்கின்றன. அடுத்து, ஒரு கலத்தின் பெயரோடு 'கெ-தொ-ரொ-வெ' என்று வருமிடத்தில் நான்கு கைப்பிடி உள்ள கலம் வரையப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு 'நான்கு காதுடையது' என்று பொருள். பாத்திரத்தின் கைப்பிடியைக் காது என்று நாமும்தானே சொல்கிறோம்! 'அ-நொ-வெ', அதாவது காதில்லாதது, என்ற இடத்தில் கைப்பிடியே இல்லாத கலம் இருக்கிறது.

அந்தப் பலகையில் படம் என்ன வேலை செய்கிறது என்று கவனிக்க வேண்டும். எண்ணப்படும் பொருள் எது என்று கணக்குப் பிள்ளைக்கு ஒரு பார்வையில் காட்டுவது படம். வாயால் சொல்லும் சொல்லைத் தருவது அசைக்குறிகள். ஆனால் அந்த அசைக்குறிகள் ஒவ்வொன்றும் தனி உயிராகவோ, ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்ததாகவோதான் பெரும்பாலும் இருந்தன. தனி மெய்யை எழுத வழியே இல்லை. கிரேக்கமோ மெய்கள் அடுத்தடுத்து நெருங்கி வருவதும் மெய்யில் முடிவதும் மிகுந்த மொழி. அதனால் முக்காலியைக் குறிக்கும் 'த்ரிபோஸ்' என்ற சொல்லின் முதல் மெய்க்கு இல்லாத இகரத்தைக் கடன் கொடுத்து, கடைசி ஸகரத்தை விட்டுவிட்டு, 'தி-ரி-பொ' என்று எழுதினார்கள். 'ப-தெ' என்று எழுதியிருந்தால் அது தந்தை என்ற பொருளுடைய 'பதேர்' ஆகவும் இருக்கலாம், எல்லாரும் என்ற பொருளுடைய 'பந்தெஸ்' ஆகவும் இருக்கலாம். எது என்பதை வாசிப்பவர் இடம் நோக்கித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அசையெழுத்தில் இன்னொன்றும் உண்டு. லீனியர் பி-யில் ப, பி, பெ என்ற மூன்றும் பகரத்தில் தொடங்கினாலும் அவற்றின் வடிவங்களுக்குள் ஒற்றுமை கிடையாது. ஜப்பானிய ஹிரகானாவிலும் க, கி, கு மூன்றும் மூன்று தனி உருவங்களே. ஏறத்தாழ தொண்ணூறு குறிகள் இருந்ததைக் கொண்டே லீனியர் பி அசையெழுத்தாக இருக்கும் என்று அறிஞர்கள் ஊகித்தார்கள். ஒலியெழுத்துக்கு அத்தனை தேவையில்லை, சொல்லெழுத்துக்கு அது போதாது. பிறகு வென்ட்ரிஸ், ஒலி தெரியாமலேயே, ஒரே மெய் கொண்டவை என்று தோன்றிய குறிகளை ஒரு வரிசையிலும் ஒரே உயிர் கொண்டவற்றை ஒரு பத்தியிலுமாக அடுக்கிக் கட்டம் போட்டார். நம் தொடக்கப்பள்ளிச் சுவர்களில் தொங்கும் உயிர்மெய் அட்டவணையைத்தான் அவர் விடை தெரியாமல் நிரப்பிக்கொண்டிருந்தார் என்று எண்ணும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

அரண்மனைகள் அழிந்ததும் அந்த எழுத்தும் மறைந்தது. பின்னர் கிரேக்கர்கள், மேற்காசியக் கடற்கரை வணிகர்களான பினீசியர்களிடமிருந்து 22 எழுத்துகளைப் பெற்றார்கள். அவை அனைத்தும் மெய்கள். கிரேக்கத்தில் வேலையற்றிருந்த சிலவற்றை அவர்கள் உயிர்களுக்கு ஒதுக்கினார்கள். தொண்டை ஒலி ஒன்றுக்கான 'ஆலெப்' இப்படித்தான் அகரத்துக்கான 'ஆல்பா' ஆயிற்று. உயிருக்கும் மெய்க்கும் சம உரிமையோடு தனித்தனி எழுத்துத் தருவதுதான் ஒலியெழுத்து முறையின் அடையாளம். முன்பு மூன்று குறிகளில் அடங்கிய அந்த முக்காலியை அதில் எழுத இருமடங்கு எழுத்துகளாவது வேண்டும். ஆனால் எந்த மெய்யும் விடுபடாது.

தமிழ் இந்த இரண்டிலும் சேராது. நம் எழுத்தின் அலகு அசையை ஒட்டியது: 'கி' என்பது பார்வைக்கு ஒரே எழுத்து. ஆனால் கா, கி, கெ என்று எதை எடுத்தாலும் உள்ளே ககரம் கண்ணுக்குத் தெரிகிறது. 247 என்று எண்ணினாலும், பிள்ளைகள் 247 வடிவங்களை மனப்பாடம் செய்வதில்லை. வெறும் 'க' அகரத்தைத் தன்னுள் கொண்டது, புள்ளி வைத்தால் அந்த அகரம் விலகுகிறது. லீனியர் பி எழுதியவனிடம் இல்லாதிருந்த கருவி இந்தப் புள்ளிதான். மெய்யின் இயல்பு புள்ளியோடு நிற்றல் என்று தொல்காப்பியம் விதித்ததன் அருமை அப்போதுதான் விளங்கும்.

புள்ளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் பாட்டனார் வைத்திருந்த வைத்தியச் சுவடியில் கண்டேன். ஓலையில் புள்ளி இடும் வழக்கம் அநேகமாக இல்லை. 'கலநது' என்று இருப்பதைக் 'கலந்து' என்று எளிதாகப் படித்துவிடலாம். ஆனால் எகர ஏகார வேறுபாடும் அன்று புள்ளியைச் சார்ந்திருந்ததால், 'எடு' என்பதா 'ஏடு' என்பதா என்று ஓரிடத்தில் நெடுநேரம் தயங்கினேன். அடுத்த வரியில் தயிர் வந்த பிறகே ஏடு என்று தெளிந்தேன். 'ப-தெ' முன் ஒரு கிரேக்க அறிஞர் நின்ற இடமும் அதுவே.

எனவே அந்தப் படத்தை மறுபடி அச்சிடும் வாய்ப்பு நேர்ந்தால், தமிழை ஆங்கிலத்தின் பக்கத்திலிருந்து எடுத்து, தேவநாகரியோடும் மற்ற உறவு எழுத்துகளோடும் சேர்த்து உயிர்மெய் எழுத்து என்ற தனிப் பெயரில் வைக்குமாறும், படிகளை அழித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே தளத்தில் வரையுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.