நாகர்கோவில் வங்கியில் வாங்கிய கடனை வெளிநாட்டுக் கடன் என்று எண்ணாதீர்கள்

மத்திய நிதி அமைச்சகத்துக்கும் மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்கும்,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு முந்திரித் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் ஊரில் அண்டியாபீஸ் என்போம். 330 பெண்கள் கொட்டை உடைக்கிறார்கள், தோல் உரிக்கிறார்கள், பருப்பு தரம் பிரிக்கிறார்கள். நிறுவனத்தின் பங்கில் 60 சதவீதம் துபாயில் தொழில் செய்யும் நம்மூர்க்காரர் ஒருவருடைய கம்பெனியிடம் இருக்கிறது. மீதி இங்கே உள்ள குடும்பத்தாரிடம்.

வெளிநாட்டில் உள்ள தொடர்புடைய நிறுவனத்துக்குக் கட்டும் வட்டியைச் செலவாகக் கழிப்பதற்கு வரம்பு வைக்கும், 1961 வருமான வரிச் சட்டத்தின் 94பி பிரிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது எதற்காக வந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அந்தப் பிரிவையே வேண்டாம் என்கிறேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதனால் எங்கள் கணக்கை வைத்தே அதன் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

துபாய் கம்பெனி எங்களுக்கு 25 கோடி ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பங்காகப் போட்டால், அதற்குக் கிடைக்கும் லாபப்பங்கு நாங்கள் வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணத்திலிருந்துதான் போகும். அதே 25 கோடியை 10 சதவீத வட்டிக்குக் கடனாகக் கொடுத்தால் ஆண்டுக்கு 2.5 கோடி ரூபாய் வட்டி எங்கள் செலவாகிவிடும். எங்கள் வரி விகிதம் 25.17 சதவீதம். ஆகவே இந்தியாவில் சுமார் 63 லட்ச ரூபாய் வரி குறையும். வட்டி வெளியே போகும்போது இந்தியா-அமீரக வரி ஒப்பந்தப்படி 12.5 சதவீதம் பிடித்தாலும் அரசுக்கு வருவது 31 லட்சம் சொச்சம்தான். மீதி 31 லட்சத்துக்கு மேல் நாட்டுக்கு நட்டம். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே வீட்டார் என்பதால் எவ்வளவு கடன், எவ்வளவு வட்டி என்பதை அவர்களே உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளலாம். பங்கை மெலிதாக வைத்துக் கடனைக் குவிக்கும் இந்த வழியை அடைக்கத்தான் 2017 நிதிச் சட்டம் 94பியைக் கொண்டுவந்தது. வெளிநாட்டில் உள்ள தொடர்புடைய நிறுவனத்துக்குக் கொடுக்கும் வட்டி ஒரு கோடியைத் தாண்டினால், வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிப்பதற்கு முன் உள்ள லாபத்தில், அதாவது எபிட்டாவில், 30 சதவீதம் வரைதான் கழிக்கலாம் என்றது. இது சரியான விதி. இதை நான் மனதார ஏற்கிறேன்.

ஆனால் எங்களுக்கு நடந்தது வேறு.

முந்திரிக்கொட்டை ஆண்டு முழுவதும் கிடைக்காது. மேற்கு ஆப்பிரிக்காவில் அறுவடையாகும் சில மாதங்களில் வாங்கிக் கப்பலில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து குடோனில் அடுக்கிவிட வேண்டும். மீதி மாதங்களில் எடுத்து உடைக்கிறோம். அதனால் இந்தத் தொழிலில் எந்திரத்தில் போடும் பணம் கொஞ்சம், கொட்டையில் போடும் பணம் மிக அதிகம். அந்தப் பணத்தை நாகர்கோவிலில் உள்ள ஓர் இந்திய வங்கிதான் எங்களுக்குக் கடனாகத் தருகிறது. கொட்டை விலை ஏறியதால் கடன் வரம்பை 15 கோடியிலிருந்து 25 கோடியாக உயர்த்தக் கேட்டோம். மேலாளர் மறுக்கவில்லை. பெரிய பங்குதாரரிடமிருந்து ஒரு கடிதம் மட்டும் கேட்டார். துபாய் கம்பெனி ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தது: பங்கை விற்கமாட்டோம், இந்த நிறுவனம் தன் கடனைக் கட்டும்படி பார்த்துக்கொள்வோம். வங்கிக்காரர்கள் கம்ஃபர்ட் லெட்டர் என்பது இதைத்தான். இதற்காகத் துபாயிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை, ஒரு ரூபாயும் அங்கே போகவில்லை.

வரித் தணிக்கையின்போது எங்கள் ஆடிட்டர் அந்தக் கடிதத்தைப் பார்த்தார். 3சிடி படிவத்தில் 30பி என்ற கட்டத்தைத் திறந்து காட்டினார். தொடர்பில்லாத ஒருவர் கொடுத்த கடனாக இருந்தாலும், தொடர்புடைய நிறுவனம் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ உத்தரவாதம் கொடுத்திருந்தால், அந்தக் கடனைத் தொடர்புடைய நிறுவனமே கொடுத்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது 94பியில் உள்ள ஒரு நிபந்தனை. அந்த மறைமுக உத்தரவாதம் என்ற சொல்லுக்குள் எங்கள் ஒரு பக்கக் கடிதம் விழுந்துவிட்டது.

கணக்கு இப்படி. அந்த ஆண்டு எங்கள் எபிட்டா 4 கோடி. வங்கிக்குக் கட்டிய வட்டி 2.5 கோடி. தேய்மானம் 40 லட்சம். ஆக உண்மையான லாபம் 1 கோடியே 10 லட்சம், அதற்கு வரி சுமார் 27.7 லட்சம். 94பி வந்ததும் வட்டியில் 1 கோடியே 20 லட்சத்தைத்தான் கழிக்க முடிந்தது. மீதி 1 கோடியே 30 லட்சம் லாபத்தோடு சேர்ந்து, வரிக்குரிய வருமானம் 2 கோடியே 40 லட்சம் ஆனது. வரி 60.4 லட்சம். கையில் வந்த லாபத்தில் 55 சதவீதம் வரியாகப் போனது. மார்ச் மாதத்திலேயே இது தெரியாததால் முன்வரி குறைவாகக் கட்டியதற்கான வட்டி தனி.

கூடுதலாகக் கட்டியது 32.7 லட்சம். தீபாவளிக்கு முன் போனஸ் கொடுக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பணம் போனது. எங்கள் தொழிற்சாலையில் வழக்கமாக 20 சதவீதம் போனஸ் கொடுப்போம். ஒரு பெண்ணுக்கு 16,800 ரூபாய் வரும். அந்த ஆண்டு சட்டம் சொல்லும் குறைந்த அளவான 8.33 சதவீதம்தான் கொடுக்க முடிந்தது, அதாவது ஏறக்குறைய 7,000 ரூபாய். ஒருவருக்கு 9,800 ரூபாய் குறைந்துபோனது. 330 பேருக்குக் கணக்குப் போட்டால் 32 லட்சத்துக்கு மேல் வருகிறது. கூடுதல் வரியும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே தொகை. அதை முதலில் கவனித்தபோது கால்குலேட்டரில் தவறாக அழுத்திவிட்டேனோ என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

கவரைப் பிரித்துப் பார்த்த ஓர் அக்கா, இருபது ஆண்டுக்கு மேலாகத் தோல் உரிக்கிறவர், என் மேசைக்கு வந்தார். "சாரே, நாங்க இந்த வருஷம் வேல குறைச்சா செய்தோம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ கம்பெனி நட்டத்துலயா ஓடுது?" அதற்கும் இல்லை என்றேன். வரி கூடிவிட்டது என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் அவர் என்னை நம்பவில்லை. முந்திரி எண்ணெய் பட்டுக் கருத்துப்போன விரல்களால் அந்தக் கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். இந்த மடலை எழுத உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

நாங்கள் கட்டிய 2.5 கோடி வட்டியும் இந்திய வங்கிக்குத்தான் போனது. அந்த வங்கி அதைத் தன் வருமானமாகக் காட்டி இங்கேயே வரி கட்டுகிறது. நாட்டை விட்டுப் போன பணம் எது? எங்கள் வட்டியைக் கழிக்க விடாமல் எங்களிடமும் வரி, அதே வட்டிக்கு வங்கியிடமும் வரி. இது கசிவை அடைப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உத்தரவாதம் இருந்தால் தாங்க முடியாத கடனை வாங்கிவிடுவார்கள் என்று நீங்கள் சொல்லலாம். கேட்க வேண்டிய வாதம்தான். ஆனால் சரக்கு இருப்பைப் பார்த்து, அதன் மதிப்பில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வாங்கிக்கொண்டுதான் வங்கி பணம் விடுகிறது. அதே நிபந்தனையில் இன்னொரு பாதி இருக்கிறது: தாய் நிறுவனம் வங்கியில் ஒரு தொகையைப் போட்டு வைத்து, அதற்கு ஈடான தொகையை வங்கி பிள்ளை நிறுவனத்துக்குக் கொடுப்பது. அங்கே வங்கி வெறும் குழாய்தான், பணம் உண்மையில் வீட்டுப் பணம். அந்தப் பாதியை அப்படியே வைத்திருங்கள். கடிதத்தையும் வைப்புத்தொகையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று எனக்குப் பொறுக்கவே முடியவில்லை. 2020 நிதிச் சட்டத்தில், வெளிநாட்டு வங்கியின் இந்தியக் கிளை கொடுக்கும் கடனுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று விலக்குக் கொடுத்தீர்கள். அதன்படி இதே 25 கோடியை, இதே கடிதத்தைக் கொடுத்து, சென்னையில் உள்ள ஒரு வெளிநாட்டு வங்கிக் கிளையில் வாங்கியிருந்தால் எங்கள் வட்டி முழுவதையும் கழித்திருக்கலாம். நாகர்கோவிலில் இந்திய வங்கியில் வாங்கியதால் முடியவில்லை. இரண்டு வங்கியும் இந்தியாவில் வரி கட்டுகின்றன. குமரி மாவட்டத்தில் முந்திரிக் குடோனைப் பார்க்க வந்து கடன் கொடுப்பவை இந்திய வங்கிகள்தாம். அவர்களிடம் போனது எப்படித் தவறாகும்?

கழிக்க முடியாத வட்டியை எட்டு ஆண்டு வரை எடுத்துச் செல்லலாமே என்பார்கள். எடுத்துச் செல்லலாம், ஆனால் பயன்படுத்த ஓர் ஆண்டின் 30 சதவீத வரம்பில் இடம் மிஞ்ச வேண்டும். எங்கள் வட்டி 2.5 கோடியாக இருக்கும்வரை, எபிட்டா 8 கோடியே 33 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்த இடம் வரும். நல்ல ஆண்டிலேயே எங்களுக்கு 6 கோடிதான். அப்போதும் 70 லட்சம் வட்டி கழிக்கப்படாமல் பழைய பாக்கியோடு சேரும். முந்திரித் தொழிலின் மெல்லிய லாபத்துக்கும் பெரிய சரக்கு இருப்புக்கும் அந்த எட்டு ஆண்டு ஒரு வழியும் திறக்காது. கொட்டை விலை ஏறும் ஆண்டில் கடன் கூடும், லாபம் குறையும். 30 சதவீதமும் அதோடு சேர்ந்து சுருங்கும். தொழில் மோசமான ஆண்டில்தான் இந்த விதி அதிகமாகக் கடிக்கிறது.

அந்த ஒரு கோடி வரம்பும் அப்படித்தான். 2017இல் வைத்தது இன்னும் நகரவில்லை. பிரிட்டனில் அது 20 லட்சம் பவுண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதியில் 30 லட்சம் யூரோ வரை. நம் பணத்தில் இரண்டுமே 20 கோடிக்கு மேல். அங்கெல்லாம் பெரிய குழுமங்களைப் பிடிக்க விரித்த வலை. நம் வலையின் கண் இத்தனை சிறிதாக இருப்பதால் ஒரு அண்டியாபீஸும் மாட்டுகிறது. வணிகத்தை எளிதாக்குவோம் என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கேட்கிறோம். புதிதாக எழுதிய 2025 வருமான வரிச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. முழுச் சட்டத்தையும் திருத்தி எழுதியவர்கள் கண்ணில் இந்த ஒரு வாசகம் படாமல் போனதே என்று கோபமாகவே இருக்கிறது.

சரி, வரம்பு வேறு விஷயம். அதை இன்னொரு நாள் கேட்கிறேன். இப்போது உங்களிடம் பணிவாகக் கேட்பது ஒன்றுதான். இந்தியாவில் வரி கட்டும் வங்கி தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்த கடனை, தாய் நிறுவனத்தின் ஒரு கடிதத்துக்காக மட்டும் தொடர்புடைய நிறுவனத்தின் கடனாகக் கொள்ளாதீர்கள். வெளிநாட்டு வங்கியின் கிளைக்கு 2020இல் கொடுத்த அதே விலக்கை இந்திய வங்கிக்கும் கொடுங்கள். சட்டத் திருத்தத்துக்கு நாளாகும் என்றால், மறைமுக உத்தரவாதம் எது, வெறும் கம்ஃபர்ட் லெட்டர் எது என்று விளக்கி ஒரு சுற்றறிக்கையாவது இந்த ஆண்டுத் தணிக்கைக் கெடுவுக்கு முன் தாருங்கள். தீபாவளியும் அதை ஒட்டியே வந்துவிடும். அந்த அக்காவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மார்த்தாண்டம் பக்கத்து முந்திரித் தொழிற்சாலை ஒன்றின் கணக்காளர்