சிவப்புக் கோடு விழாத பிழைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் அலுவலக அறிக்கை எழுதுவது பற்றிய கட்டுரையில், ‘கணினி சிவப்புக் கோடு போடாத பக்கத்தைத் தைரியமாக அனுப்பலாம்’ என்று ஒரு வரி. வங்கியின் கடன் பிரிவில் முப்பத்தோரு வருஷம் ஆங்கில அறிக்கைகளோடு மாரடித்தவன் நான். எனக்கு அந்தத் தைரியம் கடைசிவரை வரவில்லை.

சொல் தன் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் அந்தக் கோடு பார்க்கும். இடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காது. தங்களுக்குத் தெரியாததல்ல. ஆங்கிலத்தில் பிரின்ஸிபல் ‘ஏ-எல்’ என்று முடிந்தால் அசல், ‘எல்-ஈ’ என்று முடிந்தால் கொள்கை. எங்கள் கிளையிலிருந்து ‘கொள்கை நிலுவை நான்கு லட்சம்’ என்று ஓர் அறிக்கை மூன்று கையெழுத்தோடு மேலிடம் போனது. கொள்கை பாக்கி வைத்தவர்கள் நாட்டில் நிறைய உண்டு. இவர் பாவம், மளிகைக்கடைக்காரர்.

அதையாவது சிரித்துத் தீர்த்தோம். ஒரு விசைத்தறிக்காரருக்கு இரண்டாம் தவணைக் கடன் விட வேண்டியிருந்தது. புது ஜாமீன்தாரரின் கடிதம் அதை நடத்திக்கொடுக்கும் என்ற பொருளில், எஃபெக்ட் என்பதை வினையாகப் போட்டு எழுதினேன். எங்கள் இளம் அதிகாரி, ‘அஃபெக்ட்தான் வினை, எஃபெக்ட் பெயர்ச்சொல் சார்’ என்று எங்கோ படித்த அரை விதியை நம்பி முதலெழுத்தை மாற்றிவிட்டார். கடிதத்தால் தவணை பாதிக்கப்படும் என்று வாக்கியம் தலைகீழானது. எழுத்தும் சுத்தம், இலக்கணமும் சுத்தம். மண்டல அலுவலகம் பணத்தை நிறுத்திவைத்து விளக்கம் கேட்டது. பத்தொன்பது நாள். நூல் வியாபாரிக்குப் பதில் சொல்ல முடியாமல், அந்த மனிதர் தினம் காலையில் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்திருப்பார். ஓர் எழுத்துதான் காரணம் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது?

கணினி வருவதற்கு முன்னால் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மூலத்தோடு ஒத்துப்பார்ப்பார். (பிரின்ஸிபல் மட்டும் அதிலும் தப்பிவிடும், காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.) அந்த இரண்டு நாற்காலியையும் எடுத்துவிட்டுத்தான் கணினி மேசை போட்டார்கள்.

தங்கள் இதழை மட்டும் சொல்லாமல் விடுவானேன்? ‘முன்னால் அமைச்சர் கைது’ என்று தலைப்பு வந்தபோது, யாருக்கு முன்னால் என்று கேட்டு எழுதினேன். அதற்கு முன்பு ‘விலையைப் பொருத்து’ வந்தபோதும் எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. தபால்துறையின் தவறாகத்தான் இருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மைக்ரோசாஃப்ட் வேர்டில் விலக்குப் பட்டியல் என்று ஒரு கோப்பு உண்டு. அமெரிக்க ஆங்கிலத்துக்கு அதன் பெயர் `ExcludeDictionaryEN0409.lex`. பிரின்ஸிபல் இரண்டும், அஃபெக்ட், எஃபெக்ட் என்ற இந்த நான்கு ஆங்கிலச் சொற்களையும் வரிக்கு ஒன்றாக அதில் எழுதிச் சேமித்து, வேர்டை மூடித் திறந்தால், சரியான இடத்தில் வந்தாலும் அவற்றின்கீழ் சிவப்புக் கோடு விழும். எது சரி என்று அது சொல்லாது. ஒரு நிமிடம் நின்று பார்க்க வைக்கும். அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில் இதைப் போடுங்கள். விளம்பரத்துக்குக் கீழே என்றாலும் சரி.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
ஈரோடு