ஐஸ்கஸியை மாற்றலாமா? ஸ்டோரேஜ் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "நாங்களும் ஐஸ்கஸியை விட்டுவிட்டு என்விஎம்இ ஓவர் ஃபேப்ரிக்ஸுக்குப் போய்விடலாமா?" என்ற கேள்வி இப்போது பல இடங்களிலிருந்து வருகிறது. சிலருக்கு மாறினால் உண்மையிலேயே பலன் உண்டு. சிலருக்குச் செலவு மட்டும்தான் மிஞ்சும். உங்கள் இடம் எந்த வகை என்று நீங்களே கண்டுபிடிக்க உதவத்தான் இந்த மடல்.

முதலில், இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும் டிஸ்க்கை, நெட்வொர்க் வழியாக உங்கள் சர்வருக்குச் சொந்த டிஸ்க் போலக் காட்டுவது. ஐஸ்கஸி 2004இல் தரநிலையானது. ஹார்ட் டிஸ்க் காலத்து ஸ்கஸி கட்டளைகளை அப்படியே டிசிபிக்குள் வைத்து அனுப்புவதுதான் அதன் வேலை. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்கில், தேவையான இடம் தலைக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 4 மில்லி விநாடி ஆகும். அதாவது 4000 மைக்ரோ விநாடி. அதன் மேல் நெட்வொர்க்கும் மென்பொருளும் சேர்ந்து நூறோ இருநூறோ மைக்ரோ விநாடி எடுத்தால் யாருக்கும் தெரியாது.

எஸ்எஸ்டி வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழானது. மின்சாரம் போனாலும் தரவைக் காப்பாற்றும் கெப்பாசிட்டர் வைத்த நல்ல எஸ்எஸ்டி, சிறிதளவு தரவை 20, 30 மைக்ரோ விநாடியில் எழுதி முடித்துவிடும். இப்போது தாமதத்தின் பெரும்பகுதி டிஸ்க்கில் இல்லை, போய் வரும் வழியில்தான் இருக்கிறது. எஸ்எஸ்டி பேசும் மொழியிலேயே நெட்வொர்க்கிலும் பேசினால் என்ன என்ற எண்ணத்தில் 2016இல் வந்ததுதான் என்விஎம்இ ஓவர் ஃபேப்ரிக்ஸ். ஆரம்பத்தில் ஆர்டிஎம்ஏ கார்டு அல்லது ஃபைபர் சேனல் வேண்டியிருந்தது. 2018 இறுதியில் டிசிபி வழியும் சேர்க்கப்பட்டது. அதனால் உங்களிடம் இருக்கும் சாதாரண ஈதர்நெட் ஸ்விட்ச்சே போதும். இந்த மடலில் நான் சொல்வதெல்லாம் இந்த டிசிபி வகையைப் பற்றித்தான்.

சரி, கேபிளும் அதே, டிசிபியும் அதே என்றால் எங்கே வித்தியாசம்? ஸ்கஸிக்கும் என்விஎம்இக்கும் இடையே நடக்கும் மொழிமாற்றம் ஒழிகிறது என்பது ஒன்று. அதைவிடப் பெரியது வரிசை. லினக்ஸில் ஐஸ்கஸியை இயல்பான அமைப்பில் விட்டால், ஒரு டார்கெட்டுக்கு, அதாவது ஸ்டோரேஜ் பெட்டியில் சர்வர் போய் இணையும் முனைக்கு, ஒரு செஷன், அதற்கு ஒரே ஒரு டிசிபி இணைப்பு. சர்வரில் 32 கோர் இருந்தாலும் எல்லோருடைய வேலையும் அந்த ஒரே குழாய் வழியாகத்தான் போக வேண்டும். என்விஎம்இயில் வழக்கமாக ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் தனி டிசிபி இணைப்பு. ஒரே லேன் உள்ள டோல்கேட்டில் லாரிக்குப் பின்னால் பைக் மாட்டிக்கொள்வதற்கும், பத்து லேன் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

அந்த லாரி எது? மாத இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவில் யாரோ ஒரு பெரிய ரிப்போர்ட் ஓட்டுகிறார்கள். அது ஒவ்வொரு முறையும் 1 எம்பி அளவில் படிக்கிறது. 10 கிகாபிட் கேபிளில் 1 எம்பி கடந்து போகவே கிட்டத்தட்ட 0.8 மில்லி விநாடி, அதாவது 800 மைக்ரோ விநாடி ஆகும். அதே நேரத்தில் கவுன்டரில் ஒரு பில் சேமிக்கப்படுகிறது. டேட்டாபேஸ் தன் லாகில் 4 கேபி எழுதிவிட்டு, "எழுதியாச்சு" என்ற பதிலுக்காகக் காத்திருக்கிறது. ஸ்டோரேஜ் அதை 30 மைக்ரோ விநாடியில் முடித்தாலும், பதில் அந்த ஒரே இணைப்பில் ரிப்போர்ட்டின் தரவுக்குப் பின்னால் நிற்க நேர்கிறது. லாகைத் தனி லன்னில், அதாவது பெட்டி தனி டிஸ்க்காகப் பிரித்துக் காட்டும் பகுதியில், வைத்திருக்கிறோமே என்று சிலர் சொல்வார்கள். இரண்டு லன்னும் ஒரே டார்கெட்டில் இருந்தால் செஷனும் ஒன்றுதான், பலன் இல்லை. டார்கெட்டையே பிரிக்க வேண்டும், அல்லது `node.session.nr_sessions` மதிப்பைக் கூட்டி மல்டிபாத் வைக்க வேண்டும். புதிதாக எதுவும் வாங்கும் முன் இதைச் செய்து பார்க்கச் சொல்லித்தான் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

தாமதம் வெளியே தெரியும் இன்னொரு இடம், ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும் வேலைகள். உதாரணத்துக்கு, இரவில் 20 லட்சம் பதிவுகளை ஏற்றும் ஒரு நிரல், ஒவ்வொரு பதிவுக்கும் தனியாக கமிட் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கமிட்டுக்கு 250 மைக்ரோ விநாடி என்றால், காத்திருப்பு மட்டுமே 500 விநாடி. அதை 130 ஆகக் குறைத்தால் 260 விநாடி. நாலு நிமிடம் மிச்சம். ஆனால் அதே நிரலை நூறு பதிவுக்கு ஒரு கமிட் என்று மாற்றினால், பழைய ஐஸ்கஸியிலேயே அந்தக் காத்திருப்பு 5 விநாடியாகச் சுருங்கிவிடும். நிரல் உங்கள் கையில் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். விற்பனையாளரின் மூடிய மென்பொருள், கை வைக்க முடியாது என்றால் அப்போது வழியை வேகப்படுத்துவதில் அர்த்தம் இருக்கிறது.

பலன் கிடைக்காத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டோரேஜுக்குள் ஹார்ட் டிஸ்க்தான் என்றால் மாற வேண்டாம். பேக்கப், கேமரா பதிவு போன்றவற்றுக்கு வேண்டியது அகலம், தாமதக் குறைவு இல்லை. 1 கிகாபிட் கேபிளில் எந்த முறையிலும் விநாடிக்குச் சுமார் 115 எம்பிதான் போகும். முதலில் மாற்ற வேண்டியது அந்தக் கேபிளையும் ஸ்விட்ச்சையும்தான். 10 கிகாபிட் இணைப்பே முழுக்க நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான். லேன் எத்தனை பிரித்தாலும் சாலை ஒன்றுதானே.

உங்கள் இடத்தில் நிலைமை என்ன என்று பார்க்க இதை ஓட்டுங்கள். `filename` அந்த ஸ்டோரேஜ் வால்யூமில் உள்ள ஒரு சோதனைக் கோப்பாகவே இருக்கட்டும், தவறியும் டிஸ்க்கின் பெயரையோ டேட்டாபேஸ் கோப்பையோ கொடுத்துவிடாதீர்கள்.

```
fio --name=commit --filename=/data/fio.test --size=1G \
    --rw=write --bs=4k --ioengine=sync --fdatasync=1 \
    --overwrite=1 --time_based --runtime=60
```

வரும் முடிவில் `fsync/fdatasync` என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே சராசரியைவிட `99.00th` என்ற எண்தான் முக்கியம், ஏனென்றால் ஊழியர்கள் "தொங்குது" என்று சொல்வது அந்த நூற்றில் ஒன்றைத்தான். அமைதியான நேரத்தில் ஒரு முறை, ரிப்போர்ட் ஓடும்போது ஒரு முறை ஓட்டுங்கள். கூடவே ஸ்டோரேஜ் பெட்டியின் திரையில் அந்த வால்யூமில் எழுத ஆகும் தாமதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சர்வரில் எண் எகிறியும் பெட்டிக்குள் அது குறைவாகவே இருந்தால், நேரம் வழியில் போகிறது. என்விஎம்இ உதவக்கூடிய இடம் அதுதான். பெட்டிக்குள்ளேயே எண் பெரிதாக இருந்தால் பிரச்சினை டிஸ்க்கில், அல்லது கன்ட்ரோலரில். அப்புறம், `nstat -az TcpRetransSegs` எண்ணிக்கை வேகமாக ஏறினால் ஸ்விட்ச்சிலோ கேபிளிலோ பாக்கெட் தொலைகிறது. அதைச் சரிசெய்யாமல் எதற்கு மாறினாலும் தாமதம் கூடவே வரும்.

மாறுவது என்று முடிவானால், பெட்டியின் ஃபர்ம்வேர் இதை ஆதரிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் கர்னல் 5.0 முதல் ஆதரவு உண்டு, விஎம்வேரில் 7.0 அப்டேட் 3 முதல். ஃபயர்வாலில் 3260க்குப் பதிலாக 4420 போர்ட் திறக்க வேண்டும். டிஸ்க்கின் பெயர் `/dev/sdb` என்பதிலிருந்து `/dev/nvme1n1` போல மாறும். ஆகவே `/etc/fstab` கோப்பில் யுயுஐடி வைத்திருக்கிறீர்களா என்று முன்கூட்டியே பாருங்கள். ஒரு சர்வரை மட்டும் முதலில் மாற்றி, ஒரு மாத இறுதி கடந்த பிறகே மற்றவற்றைத் தொடுவது எங்கள் வழக்கம்.

இரண்டு முறை ஓட்டிய `fio` முடிவையும் பெட்டியின் எண்களையும் எங்களுக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம். இதற்குக் கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரத்தில் எடுத்த எண்ணை மட்டும் அனுப்ப வேண்டாம். வேலை நெரியும் நாளில் எடுத்ததுதான் எங்களுக்கு வேண்டும்.

அன்புடன்,
ஸ்டோரேஜ் பராமரிப்புப் பிரிவு