முதியோர் இல்லங்களின் சமையலறைக்கு: ஒரு வேளைக்கு எவ்வளவு புரதம்?

தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் நடத்தும் நிர்வாகிகளுக்கும், அங்கே மெனு போடும் சமையல் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். முதியோர் உணவைப் பற்றி வேலை செய்யும் உணவியலாளர்கள் நாங்கள். உங்கள் மெனுவில் காய்கறி உண்டு, உப்பு, எண்ணெய் கட்டுப்பாடு உண்டு, சர்க்கரை நோயாளிக்குத் தனிப் பந்தியும் உண்டு. ஒரு வேளைக்கு எத்தனை கிராம் புரதம் என்ற கணக்கு மட்டும் அநேகமாக இருப்பதில்லை. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்த மடல்.

சாப்பிட்ட புரதம் செரித்து அமினோ அமிலங்களாக இரத்தத்தில் கலக்கும்போது, தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையைத் தொடங்குகிறது. அந்த வேலையைத் தொடங்கச் சொல்லும் முக்கியமான சமிக்ஞை லியூசின் என்ற ஒரே ஓர் அமினோ அமிலத்திலிருந்து வருகிறது. இளையவர் உடம்பில் கொஞ்சம் லியூசின் ஏறினாலே தசை வேலையை ஆரம்பித்துவிடும். வயதானவர் தசைக்குக் காது மந்தம். அதே அளவுக்கு அது திரும்பிப் பார்ப்பதில்லை. 2006இல் கட்சானோஸ் குழுவினர் இதை நேரடியாகச் சோதித்தார்கள். இளையவர்களுக்கும் முதியவர்களுக்கும் 6.7 கிராம் அத்தியாவசிய அமினோ அமிலக் கலவை கொடுத்தார்கள். அதில் லியூசின் 1.7 கிராம் இருந்தபோது இளையவர் தசை இயங்கியது, முதியவர் தசை அசையவில்லை. கலவையின் மொத்த அளவை மாற்றாமல் லியூசினை மட்டும் 2.8 கிராமாக உயர்த்தியதும் முதியவர் தசையும் இயங்கியது.

2015இல் மூர் குழுவினர் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து, ஒரு வேளைக்கு எவ்வளவு புரதம் போனால் இந்தத் தூண்டல் உச்சத்தைத் தொடுகிறது என்று கணக்கிட்டார்கள். இளைஞர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.24 கிராம் போதுமாக இருந்தது. எழுபதை ஒட்டிய ஆண்களுக்கு 0.40 கிராம் தேவைப்பட்டது. எனவே, வயதானவருக்கு ஒரு வேளைக்கான புரதம் கூடுதலாக வேண்டுமா என்று கேட்டால், ஆம், வேண்டும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக. ஆனால் கூடுதல் வேண்டியது புரதம்தான், சோறு அல்ல. சமையலறையில் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

70 வயது, 50 கிலோ எடையுள்ள ஓர் அம்மாவுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவருக்கு ஒரு வேளை இலக்கு 50 × 0.4 = 20 கிராம் புரதம். வழக்கமான இல்லத்து மெனு அவருக்கு என்ன தருகிறது?

காலையில் மூன்று இட்லி, ஒரு கரண்டி சாம்பார், சட்னி. இட்லிக்கு 2 கிராம் வீதம் 6, சாம்பாரில் 2, சட்னியில் 1, ஆக 9. காபியில் இருக்கும் 100 மில்லி பாலுக்கு 3. மதியம் 100 கிராம் அரிசியில் வடித்த சோற்றில் 8, சாம்பார் பருப்பில் 4, பொரியலில் 2, நீர்மோரில் 1, ஆக 15. மாலை டீயும் பிஸ்கட்டும் 4. இரவு இரண்டு சப்பாத்தி, காய்கறிக் குருமா: 9. நாள் முழுக்கச் சேர்த்தால் 40 கிராம், அதாவது கிலோவுக்கு 0.8. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த 0.83க்கு மிக அருகில் இருப்பதால், மொத்தத்தைப் பார்க்கிறவர் திருப்தியாகிவிடுவார். ஆனால் எந்த வேளையும் 20ஐத் தொடவில்லை. காலை உணவில் லியூசின் முக்கால் கிராம்கூட இராது.

இந்த 40 பெரும்பாலும் காகிதத்தில் மட்டும் இருக்கும் 40 என்பதையும் கவனிக்க வேண்டும். சாம்பார் அண்டாவில் பருப்பு அடியில் தங்கிவிடுகிறது. மேலாக மொண்டு ஊற்றினால் முதல் பந்திக்குப் புளித்தண்ணீரும் கடைசிப் பந்திக்குப் பருப்பும் போகும். அரிசி, பருப்புப் புரதம் பால், முட்டையைப் போல முழுதாகச் செரிப்பதுமில்லை. பல்செட் சரியாகப் பொருந்தாதவர் சப்பாத்தியில் ஒன்றைத் தட்டிலேயே விட்டுவிடுவார்.

இனி அதே அம்மாவின் மெனுவைத் திருத்துவோம். காலையில் இட்லியை இரண்டாகக் குறைத்து, ஒரு அவித்த முட்டையும் 200 மில்லி பாலும் சேர்த்தால் 20 கிராம் ஆகிவிடும். முட்டை சாப்பிடாதவருக்கு அதே பாலில் 20 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கலக்கலாம். அதில் 7 கிராம் புரதம் உண்டு. பவுடரை நேராகக் கொதிக்கும் பாலில் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கூழாகக் கரைத்துக்கொண்டு பிறகு பாலில் ஊற்ற வேண்டும். மதியம் அரிசியை 75 கிராமாகக் குறைத்து, ஆளுக்கு 30 கிராம் பருப்பு போட்ட கெட்டிச் சாம்பார், நீர்மோருக்குப் பதிலாக 150 கிராம் தயிர். பொரியலோடு சேர்த்து 20 ஆகும். இரவு சப்பாத்தியோடு குருமாவுக்குப் பதிலாக 50 கிராம் பன்னீரை உதிர்த்துப் போட்ட பொரியலும் 150 மில்லி பாலும் கொடுத்தால் மறுபடியும் 20. பன்னீர் விலை கட்டுப்படியாகாத நாளில் 15 கிராம் உலர்ந்த மீல்மேக்கர் 7 கிராமுக்கு மேல் புரதம் தரும். அதை ஊறவைத்துப் பிழிந்து மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக் கொத்துக்கறி பதத்தில் சமைக்க வேண்டும். உருண்டையாகப் போட்டால் வயதானவர்கள் மென்றுவிட்டுத் துப்புவார்கள், அல்லது தொண்டையில் சிக்கும்.

ஒவ்வொரு வேளையிலும் ஏதோ ஒன்றைக் குறைத்த பிறகே இன்னொன்றைச் சேர்த்திருக்கிறோம். வயதானவர் வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும், புரதம் அதை இன்னும் சீக்கிரம் நிறைக்கும். மூன்று இட்லிக்கு மேல் முட்டையும் பாலும் வைத்தால் காலையில் மரியாதைக்குச் சாப்பிட்டுவிட்டு மதியம் பாதித் தட்டை ஒதுக்குவார்கள். மெனு மாற்றிய வாரத்தில் மீந்த உணவையும் எடை போடுங்கள். காலைப் புரதம் ஏறி மதியச் சாப்பாடு அதே அளவு இறங்கியிருந்தால் நீங்கள் எதையும் மாற்றவில்லை.

மூன்று வேளையும் சரிசமமாக இருக்கவேண்டும் என்று நாங்கள் அடம்பிடிக்க மாட்டோம். சமமாகப் பிரித்துக் கொடுத்தால் தசைப் புரத உருவாக்கம் கூடுகிறது என்று 2014இல் வந்த ஆய்வு நடுவயதுக்குட்பட்டவர்களிடம் செய்தது. அடுத்த ஆண்டு வயதானவர்களிடம் செய்த ஆய்வில் பிரிக்கும் விதத்தால் வித்தியாசம் தெரியவில்லை; நாளின் மொத்த அளவே பேசியது. எங்கள் கருத்து, மொத்தத்தை முதலில் 60 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். நம் சாப்பாட்டில் அதற்கு இடம் இருப்பது காலையில்தான், அதனால் அங்கே தொடங்கச் சொல்கிறோம்.

லியூசினைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2013இல் ப்ராட்-ஏஜ் என்ற நிபுணர் குழு ஒரு வேளைக்கு 25 முதல் 30 கிராம் புரதம், அதில் 2.5 முதல் 2.8 கிராம் லியூசின் என்று சொன்னது. நாம் திருத்திய காலை உணவில் லியூசின் சுமார் 1.7 கிராம்தான். அந்தக் குழுவின் எண் 65, 70 கிலோ உடம்புக்குப் பொருந்துவது. 50 கிலோ அம்மாவுக்கு அதையே கட்டாயமாக்குவதில் அர்த்தமில்லை என்று நினைக்கிறோம். இடைவெளியை நிரப்பத்தான் வேண்டும் என்றால், உடன் பால் பவுடரைக் கூட்டுங்கள். பால் புரதத்தில் லியூசின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, பருப்பில் அதைவிடக் குறைவு. தனி லியூசின் பவுடர் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆரோக்கியமான முதிய ஆண்களுக்கு வேளைக்கு 2.5 கிராம் வீதம் மூன்று மாதம் லியூசின் கொடுத்துப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வில் தசையும் கூடவில்லை, பலமும் கூடவில்லை. லியூசின் வேலையைத் தொடங்கச் சொல்லும், கட்டுவதற்கான மற்ற அமினோ அமிலங்களும் சாப்பாட்டில் வந்தாக வேண்டும். முதியோருக்கென்று விற்கும் சத்துமாவு டப்பாக்களிலும், 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்க்காமல், ஒரு முறை கலக்கும் இரண்டு ஸ்பூனுக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று பாருங்கள்.

எங்களுக்கு எதிரான சான்றையும் சொல்லியாக வேண்டும். 0.40 என்ற எண், சாப்பிட்ட சில மணி நேரத்தில் தசையில் நடப்பதை அளந்து வந்தது. மாதக்கணக்கில் தசை கூடுகிறதா என்பது வேறு கேள்வி. 2018இல் பாசின் குழு, நடமாட்டம் குறைந்த முதிய ஆண்களுக்கு ஆறு மாதம் கிலோவுக்கு 0.8 கிராமும் 1.3 கிராமும் கொடுத்து ஒப்பிட்டது. கூடுதல் புரதம் தசையையும் கூட்டவில்லை, நடையையும் பலத்தையும் கூட்டவில்லை. இதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அங்கே 0.8 என்பது அளந்து கொடுத்த உணவு. உங்கள் பந்தியில் அது பருப்பு அடியில் தங்கிய, தட்டில் பாதி மீந்த 0.8. அதனால் முழுதாகச் சாப்பிட்டு நன்றாக இருக்கும் ஒருவருக்கு மேலும் மேலும் ஊட்டச் சொல்லமாட்டோம். எடை குறைந்துகொண்டே வருபவர், மருத்துவமனையிலிருந்து திரும்பியவர், சோறும் ரசமும் மட்டும் உண்பவர் ஆகியோரிடம் தொடங்குங்கள்.

புரதம் மட்டும் போதாது, தசைக்கு வேலையும் வேண்டும். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியே பலருக்குத் தொடக்கமாக இருக்கலாம், பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் போதும். அதையே அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம். ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை நலிவைச் சந்தேகிக்கச் சொல்கிறது 2019இல் வந்த ஆசிய நிபுணர் குழுவின் வரையறை. கெண்டைக்கால் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் கீழே இருந்தாலும் அப்படியே. ஒரு தையல் டேப், ஒரு கடிகாரம் இருந்தால் மாதம் ஒரு முறை நோட்டில் எழுதிவைக்கலாம். கால் வீங்கியிருந்தால் சுற்றளவு பொய் சொல்லும். அன்றைக்கு நாற்காலிக் கணக்கை மட்டும் எழுதுங்கள்.

மெனுவில் கை வைக்குமுன் ஒரு வேலை பாக்கி. சிறுநீரகம் கடுமையாகப் பாதித்து, இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தாது. அவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கத்தான் மருத்துவர் சொல்லியிருப்பார். ஒவ்வொருவரின் கடைசி கிரியாட்டினின் அறிக்கையை எடுத்து மருத்துவரிடம் காட்டி, யார் யாருக்குப் பழைய மெனுவே தொடரவேண்டும் என்ற பட்டியலைப் பரிமாறுகிறவர் பார்வையில் படும்படி சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் உணவில் பணிபுரியும் உணவியலாளர்கள் சிலர்