'வந்திருந்தால்' என்று எழுதும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கூடவே மாணவர்களின் விடைத்தாள்களும் வந்து சேர்ந்தன. நீ இரண்டு வாரமாக ஆங்கில இஃப் வாக்கியங்கள் நடத்திய பிறகும் வில் வர வேண்டிய இடத்தில் வுட், வுட் வர வேண்டிய இடத்தில் வில் என்று எழுதுகிறார்கள். தாள்களை நிதானமாகப் பார்த்தேன். ஒருவருக்கும் விதி தெரியாமல் இல்லை. முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று கேட்டால் ஒப்பித்துவிடுவார்கள். கையில் இருக்கும் தமிழ் வாக்கியம் எந்த வகை என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது.

'பணம் இருந்தால் வாங்குவேன்.' பையைத் துழாவிக்கொண்டே ஒருவன் இப்படிச் சொல்வான். பையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்து பெருமூச்சு விடுபவனும் இதையேதான் சொல்வான். நமக்குக் குரலும் முகமும் போதும், வினைச்சொல்லை மாற்றத் தேவையில்லை. ஆங்கிலத்தில் வினைச்சொல்தான் அதைச் சொல்லியாக வேண்டும்:

If I have the money, I will buy it.
If I had the money, I would buy it.

முதல் வாக்கியம் துழாவுகிறவனுடையது. பணம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டாவது, இல்லை என்று தெரிந்தவனுடையது. இரண்டிலும் பேச்சு இன்றைய நிலையைப் பற்றியதுதான். ஹேட் என்று வந்துவிட்டதால் நேற்றைய கதை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அவர்களிடம் 'வந்தால்' என்ற சொல்லைப் பிரித்துக் காட்டு. வந்தான், வந்தால். படித்தான், படித்தால். போனான், போனால். 'ஆல்' ஒட்டியிருப்பது இறந்தகால வடிவத்தில்தான். ஆனாலும் 'நாளைக்கு வந்தால்' என்று கூசாமல் சொல்கிறோம். இறந்தகால வடிவம் இறந்தகாலத்தைக் குறிக்காமலும் இருக்கலாம் என்பது தமிழனுக்குப் புதிதல்ல.

ஒரே ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் அந்த வடிவத்தை நடக்கக்கூடியதற்கும் நடக்காததற்கும் சேர்த்தே வைத்திருக்கிறது. நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் பற்றிப் பேசும்போது, ஆங்கிலம் இஃப் பகுதியில் அதை உண்மையிலிருந்து விலகிய நிலைக்கு என்று ஒதுக்கிவிட்டது. இந்த வேறுபாடு பிடிபடாதபோதுதான் 'வந்தால்' அப்படியே கேம் ஆகி, 'சொல்வேன்' அப்படியே வில் ஆகிறது. உன் தாள்களில் அதிகம் கண்ட பிழை இதுதான்: இஃப் ஹி கேம் டுமாரோ, ஐ வில் டெல் ஹிம். முன்பாதி கற்பனை, பின்பாதி நிஜம். அவர் வரக்கூடியவர் என்றால் கம்ஸ், வில். வர வாய்ப்பே குறைவு என்று நினைத்தால் கேம், வுட். பாதிக்குப் பாதி கலக்க முடியாது.

ஆகவே வகை எண்ணை முதலில் கேட்காதே. ஆங்கிலத்தில் எழுதும் முன் தமிழ் வாக்கியத்துக்கு ஒரு வால் ஒட்டச் சொல். 'ஆனால் இல்லையே' என்ற வால் பொருந்தினால் நிஜமற்ற நிபந்தனை. 'இருக்குமோ, தெரியவில்லை' பொருந்தினால் நிஜ நிபந்தனை. அது முடிவான பிறகுதான் காலத்தைக் கேட்க வேண்டும்: இப்போதா, முன்பா?

இந்த வால் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வாக்கியம் தருகிறேன், கரும்பலகையில் எழுதிப் பார். 'திங்கட்கிழமை பார்சல் வந்திருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.' பார்சல் வந்ததா இல்லையா என்று இதிலிருந்து சொல்ல முடியுமா? முடியாது. பார்சலைத் தேடுகிறவர் சொன்னால், 'வந்ததோ என்னவோ, வந்திருந்தால் கையெழுத்து இருக்கும், ஏட்டைப் பார்' என்று பொருள். வரவே இல்லை என்று வாதிடுகிறவர் சொன்னால், 'கையெழுத்து இல்லை, ஆகவே வரவில்லை' என்று பொருள். ஆங்கிலத்தில் இவை இரண்டு வாக்கியங்கள்:

If the parcel arrived on Monday, he will have signed for it.
If the parcel had arrived on Monday, he would have signed for it.

முதலாவதில் இறந்தகாலம் உண்மையான இறந்தகாலம். நடந்ததா என்பது மட்டும் தெரியாது. 'இஃப் பக்கத்தில் இறந்தகாலம் வந்தால் கற்பனை' என்று மொட்டையாகச் சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் இங்கே விழுவார்கள். அதோடு 'வந்திருந்தால்' என்று கண்டதும் கை தானாக ஹேட் அரைவ்டு என்று எழுதும். விசாரித்து எழுதும் கடிதத்தில் அப்படி எழுதினால், பார்சல் வரவில்லை என்று நீயே ஒப்புக்கொண்டதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். தேடுவதை அங்கேயே நிறுத்தியும் விடலாம். 'போட்டிருப்பார்' என்பதும் இப்படித்தான் ஏமாற்றும். ஊகமாக இருந்தால் வில் ஹேவ், நடக்காததாக இருந்தால் வுட் ஹேவ்.

இன்னொரு இடம் இதைவிட நுட்பமானது. 'எனக்கு அவர் நம்பர் தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேனே' என்று இந்த நிமிடத்தைப் பற்றியே சொல்கிறோம். தெரியாத நிலை இன்னும் தொடர்கிறது, கேட்பவரும் எதிரில் நிற்கிறார். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஹேட் நோன், வுட் ஹேவ் கிவன் என்று வரும். அப்படிச் சொன்னால் 'அன்றைக்குத் தெரியாமல் போயிற்று' என்று அர்த்தமாகிவிடும். இப்போதைய நிலைக்கு வேண்டியது இதுதான்:

If I knew his number, I would give it to you.

தெரி, இரு, பிடி, வேண்டும் போன்று நிலையைக் குறிக்கும் வினைகளில் இந்தப் பிழை அதிகம் வரும். 'இன்றைக்குமா, அன்றைக்கா?' என்ற ஒரு கேள்வியே இதைத் தீர்த்துவிடும்.

இஃப் பகுதிக்குள் வுட் நுழைவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். இஃப் ஐ வுட் ஹேவ் நோன் என்பது பேச்சில், குறிப்பாக அமெரிக்கப் பேச்சில், காதில் விழும். எழுத்தில் பிழையாகவே கருதப்படும். வுட் விளைவின் பக்கத்துக்கு உரியது. ஆனால் 'இஃப்புக்குப் பின் வுட் வரவே வராது' என்றும் சொல்லிவிடாதே. 'பதில் அனுப்ப மனம் வைத்தால் நன்றியுடையவனாவேன்' என்ற பொருளில் கடிதங்களில் இஃப் யூ வுட் ரிப்ளை என்று எழுதுவது சரிதான். அந்த வுட் இசைவைக் கேட்கிறது, கற்பனையைச் சொல்லவில்லை.

கேட்டு எழுதும் பயிற்சியில் உன் மாணவர்கள் விட்ட பிழைகளுக்கு இன்னொரு காரணம் I'd என்ற சுருக்கம். ஹேட், வுட் இரண்டுமே அப்படித்தான் சுருங்கும், காதுக்கு வேறுபாடு தெரியாது. அடுத்த சொல்லைக் கேட்கச் சொல். கான், சீன், நோன் போல மூன்றாம் வடிவம் வந்தால் அது ஹேட். கோ, சீ, நோ போல முதல் வடிவமோ ஹேவ் என்ற சொல்லோ வந்தால் அது வுட். I'd better இந்தக் கணக்கில் அடங்காது. அது எப்போதும் ஹேட்தான்.

தாள்களில் பிழைகளைத் திருத்தவில்லை. சந்தேகமான ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் எந்த வால் பொருந்துகிறது என்று தமிழில் பென்சிலால் குறித்திருக்கிறேன். ஆங்கிலத்தை மாணவர்களே மாற்றட்டும். எட்டாம் தாளில் இரண்டு வாலும் பொருந்தும் வாக்கியம் ஒன்று இருக்கிறது. எழுதிய பிள்ளையிடம் என்ன நினைத்து எழுதினாள் என்று கேட்டுவிட்டு மதிப்பெண் போடு.

அன்புடன்,
உன் நண்பன்