மறுமுத்திரை என்று ஒன்று இல்லை: சேலம் மாவட்ட அலுவலர்களுக்கும் வங்கி மேலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்தின் வட்டாட்சியர்களுக்கும், சார்பதிவாளர்களுக்கும், வங்கிக் கிளை மேலாளர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து அங்கேயே மறைந்த என் பெரியப்பாவின் உயில் தொடர்பாக, உங்கள் மேசைகளுக்கு முன்னால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நின்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பாகப்பிரிவினையில் அவர் பங்காக வந்த நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் ஏற்காட்டில் இருக்கிறது. சேலத்தில் ஒரு வங்கியில் வைப்புத்தொகையும் இருந்தது. தோட்டத்தை எனக்கும், வைப்புத்தொகையைப் பெரியம்மாவுக்கும் எழுதி, பெரியம்மாவையே நிறைவேற்றுநராக நியமித்திருந்தார். சிங்கப்பூர் நீதிமன்றம் அந்த உயிலை மெய்ப்பித்து அவருக்குப் புரோபேட் வழங்கியது. அதை எடுத்துக்கொண்டு நான் ஊருக்கு வந்தேன்.

வங்கியில் ஒருவர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை இந்தியாவில் ரீசீல் பண்ணிக்கொண்டு வாருங்கள்" என்றார். வேறோர் அலுவலகத்திலும் அதே சொல்தான். நான் நம்பினேன். எந்த நீதிமன்றத்தில் அந்த முத்திரை கிடைக்கும் என்று சென்னை வரை போய்க் கேட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு மூத்த வழக்கறிஞர்தான் உண்மையைச் சொன்னார்: அயல்நாட்டுப் புரோபேட்டின் மீது மறுமுத்திரை இடும் ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் கிடையாது.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது பின்னர் விளங்கியது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் புரோபேட் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. காமன்வெல்த் நாடொன்றின் நீதிமன்றம் கொடுத்த புரோபேட்டை அங்குள்ள உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால், அதன் மீது அந்த நீதிமன்றத்தின் முத்திரை இடப்படும், பிறகு அது அங்கேயே வழங்கப்பட்டதைப் போலச் செல்லும். அங்கிருந்து வருகிறவர்கள் அந்தச் சொல்லோடு வருகிறார்கள், இங்கே உள்ளவர்களும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். நம்மிடம் இருப்பது வேறு வழி. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 228ஆம் பிரிவு, மாநிலத்துக்கு வெளியே, அது இந்தியாவுக்கு உள்ளேயோ வெளியேயோ, தகுந்த அதிகாரமுள்ள நீதிமன்றத்தில் உயில் ஒன்று மெய்ப்பிக்கப்பட்டு அங்கேயே வைக்கப்பட்டிருந்தால், முறையாகச் சான்றளிக்கப்பட்ட நகலைக் காட்டி, அந்த நகலின் நகல் இணைக்கப்பட்ட நிர்வாக உரிமை ஆணையை, அதாவது லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷனை, இங்குள்ள நீதிமன்றம் வழங்கலாம் என்கிறது. எனவே நீங்கள் கேட்க வேண்டியது முத்திரையை அன்று, இந்த ஆணையை.

இதைச் சொல்லும்போது, உங்களில் சிலர் எழுப்பிய ஒரு நியாயமான கேள்விக்கும் பதில் தர விரும்புகிறேன். இந்து ஒருவரின் உயிலுக்குப் புரோபேட் கட்டாயம் என்ற பழைய விதி சென்னை நகரத்தைச் சார்ந்தது, சேலம் மாவட்ட நிலத்துக்கு அது பொருந்தியதே இல்லை, அப்படியிருக்க நீதிமன்றம் எதற்கு என்று கேட்டார்கள். உயிலின் அசல் கையில் இருந்தால் அந்தக் கேள்வி சரிதான். எங்கள் சங்கடமே வேறு. புரோபேட் கேட்டபோது அசல் உயிலைச் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் ஒப்படைத்தாயிற்று, அது திரும்பாது. பட்டா மாற்றத்துக்கு அசலைக் கேட்டால் அதைத் தர எவராலும் முடியாது, நகலைத் தந்தால் அதை ஏற்க உங்களுக்கும் தயக்கம். 228ஆம் பிரிவு இந்த இடைவெளிக்கென்றே எழுதப்பட்டது போல இருக்கிறது. அயல் நீதிமன்றத்தின் புரோபேட் ஏற்காட்டு நிலத்தின் உரிமையைத் தானாகவே தீர்த்துவிடாது, நிலம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துச் சட்டமே அதை ஆளும். ஆனால் உயில் முறையாக எழுதிக் கையொப்பமிடப்பட்டது என்பதை அந்த நீதிமன்றம் தீர்த்துவிட்டதால், சாட்சிகளைக் கடல் கடந்து மீண்டும் கூண்டில் ஏற்ற வேண்டிய தேவை பொதுவாக வருவதில்லை. அந்தத் தாளின் உண்மையான மதிப்பு இதுவே.

சேலம் மாவட்ட நீதிமன்றத்தில் நாங்கள் மனுச் செய்தோம். இறந்தவருக்கு ஒரு நீதிபதியின் எல்லைக்குள் சொத்து இருந்தாலே போதும், அவர் அங்கே வசித்திருக்க வேண்டியதில்லை. பெரியம்மா வயது காரணமாகப் பயணம் செய்ய இயலாதவர் என்பதால், அவருடைய அதிகாரம் பெற்ற முகவராக நான் மனுதாரர் ஆனேன். நிறைவேற்றுநர் மாநிலத்தில் இல்லாதபோது 241ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

முதல் மனு திருப்பப்பட்டது. நாங்கள் கொண்டுவந்தது புரோபேட்டின் ஒளிநகல், அதில் ஒரு நோட்டரியின் முத்திரை இருந்தது. ஆனால் அவர் சான்றளித்தது தம் முன் வைக்கப்பட்ட ஒளிநகலுக்குத்தான், உயிலோ அதனுடன் இல்லவே இல்லை. அயல்நாட்டு அரசாவணத்தைப் பொறுத்தவரை சாட்சியச் சட்டம் கேட்பது வேறு. அசலைச் சட்டப்படி வைத்திருக்கும் அலுவலரே நகலுக்குச் சான்று தர வேண்டும், அவர் அப்படிச் சான்று தந்திருக்கிறார் என்பதை நோட்டரியோ இந்தியத் தூதரக அதிகாரியோ முத்திரையிட்டு உறுதிசெய்ய வேண்டும். உங்கள் முன் வரும் தாளில் இதை ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். நீதிமன்றப் பதிவகத்தின் சான்று உயிலின் நகலிலும் இருக்கிறதா, புரோபேட்டில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். உயில் இல்லாத புரோபேட் இங்கே பாதித் தாள்.

பெரியம்மா என்னை முகவராக்கி எழுதிய அதிகாரப் பத்திரத்திலும் ஒரு கண்ணி உண்டு. வெளிநாட்டில் எழுதப்பட்ட பத்திரம் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். எங்களுடையது எழுபத்தெட்டாம் நாள் செலுத்தப்பட்டது. அதை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

பிறகு நாளிதழில் அறிவிப்பு வந்தது, ஆட்சேபம் எவரும் தெரிவிக்கவில்லை, பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்தோம், ஆணை கிடைத்தது. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஓராண்டுக்குள் கணக்கும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் கடமை என் மீது இருக்கிறது.

அந்த ஆணையைக் காணும்போது நீங்கள் மறக்காமல் கேட்க வேண்டிய இன்னொன்று, அதைப் பெற்றவரான நிர்வாகியின் ஒப்புதல். உயிலில் எனக்குத் தோட்டம் என்று இருப்பதால் மட்டும் உரிமை முழுமை ஆகிவிடாது, நிர்வாகி அந்தக் கொடைக்கு ஒப்புதல் தந்தால்தான் முழுமை பெறும். வாய்மொழியாகவும் தரலாம் என்று சட்டம் இருந்தாலும், பட்டா மாற்றத்துக்கு எழுத்தில் வாங்குவதே இரு தரப்புக்கும் நல்லது. என் விஷயத்தில் நிர்வாகியும் கொடை பெறுபவரும் நானே என்றாலும், தனியே எழுதிக் கொடுத்தேன்.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். சேலம் நீதிமன்றம் தரும் ஆணை பொதுவாகத் தமிழ்நாட்டுக்குள்தான் செல்லும். பெங்களூரில் ஒரு வீடும் இருந்திருந்தால், எல்லாவற்றையும் சேர்த்து உயர் நீதிமன்றத்தை நாடுவதே எங்களுக்கு ஏற்றதாக இருந்திருக்கும். உயிலே இல்லாமல் இறந்தவருக்கு அயல் நீதிமன்றம் தந்த நிர்வாக உரிமைக்கு 228ஆம் பிரிவு பொருந்தாது, ஏனெனில் அந்தப் பிரிவு உயிலைப் பற்றியது. அப்படி இறந்தவரின் குடும்பத்தார் இங்கே வாரிசு என்ற நிலையிலேயே தொடங்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. அயல்நாட்டுப் புரோபேட்டுடன் ஒருவர் வந்தால், "ரீசீல்" என்று அனுப்பிவைக்காமல், 228ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தின் ஆணையும், சான்றளிக்கப்பட்ட உயில் நகலும், நிர்வாகியின் ஒப்புதலும் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எனக்கு அப்படி ஒரு தாள் முதல் நாளே கிடைத்திருந்தால், காப்பிப் பழம் பறிக்கும் பருவம் இரண்டு முறை வந்து போகும்வரை தோட்டம் இறந்தவர் பெயரிலேயே கிடந்திருக்காது. எழுத உதவி தேவையென்றால், எங்கள் மனுவின் படியை உங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவந்து தரச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டுத் தோட்டக்காரி ஒருத்தி